குரூப்பிலா, தனியாகவா, நேரிலா? பொழுதுபோக்குக் குழுவில் பிடித்தவரோடு பேச்சைத் தொடங்குவது

பறவை பார்ப்பவர்கள் குழு ஒன்றுக்கு நானும் ஓர் அட்மின். "இது என்ன பறவை?" என்ற கேள்விக்கு அடுத்தபடி எனக்குத் தனியாக அதிகம் வருவது இதுதான்: "அண்ணா, குரூப்ல ஒருத்தங்க படம் போடுறாங்க. பேசணும்னு தோணுது. குரூப்லயே பதில் போடட்டுமா, தனியா மெசேஜ் பண்ணட்டுமா, இல்ல அடுத்த நடைக்கு அவங்க வர்ற வரைக்கும் பொறுத்திருக்கட்டுமா?"

கேட்பவருக்குப் பறவையைப் பற்றி மட்டும் பேசும் எண்ணம் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கொஞ்சம் கடலை போட ஆசை. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஒரே விஷயத்தில் பைத்தியமாக இருக்கும் இருவருக்கு ஒருவரையொருவர் பிடித்துப்போவது இயல்பு. எந்த வாசல் வழியாக நுழைவது என்பதில்தான் சிக்கல். மூன்று வாசலுக்கும் மூன்று விதமான விலை உண்டு, அது நுழைந்த பிறகுதான் தெரியவரும்.

இங்கே நான் பேசுவது ஒருவரை அரைகுறையாகத் தெரிந்த நிலையைப் பற்றி மட்டும்: பெயர் தெரியும், போடும் படங்கள் தெரியும், ஒன்றிரண்டு நடையில் தூரத்தில் பார்த்திருக்கலாம். நான் பறவைக் குழுவை வைத்தே சொல்கிறேன். ஓட்டக் குழு, வாசிப்புக் குழு, சதுரங்கக் குழு எதுவானாலும் கணக்கு பெரிதாக மாறாது.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவதும் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதும்: எதிரில் இருப்பவர் எவ்வளவு சுலபமாக நழுவ முடியும்? துணை தேடும் செயலியில் இருவருமே எதற்காக வந்தோம் என்று தெரிந்துதான் வருகிறார்கள், பிடிக்கவில்லையென்றால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். பொழுதுபோக்குக் குழு அப்படியல்ல. அவர் பறவைக்காக வந்தவர். உங்களிடமிருந்து தப்பிக்க வேண்டுமென்றால் தனக்குப் பிடித்த ஒன்றையே விட்டுவிட்டுப் போகவேண்டும். அதனால்தான் பலர் "வேண்டாம்" என்று சொல்லாமல் சிரித்துச் சமாளிக்கிறார்கள், நாமோ அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். வனெஸா போன்ஸ், லாரன் டிவின்சென்ட் இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இதற்கு நேராகப் பொருந்துகிறது: விருப்பத்தைச் சொல்பவர்கள், அதை மறுப்பது எதிராளிக்கு எவ்வளவு சங்கடம் என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கேட்பவர் தன் பயத்தில் மூழ்கியிருக்கிறார், கேட்கப்பட்டவரின் சங்கடம் அவர் கண்ணில் படுவதில்லை.

இரண்டாவது, உங்கள் குறிப்பு போய்ச் சேருமா? பொழுதுபோக்கு நல்ல மறைப்பு, பறவையைப் பற்றித்தானே பேசினேன் என்று எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம். ஆனால் அதே மறைப்பு உங்கள் ஆர்வத்தையும் மறைத்துவிடும். ஜெஃப்ரி ஹாலும் அவர் குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத 52 ஆண்-பெண் ஜோடிகளைச் சற்று நேரம் பேசவிட்டுப் பிறகு தனித்தனியாகக் கேட்டார்கள். எதிராளி கடலை போடவில்லை என்றபோது 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் அதைச் சரியாகச் சொன்னார்கள். உண்மையிலேயே கடலை போட்டபோது கண்டுபிடித்தவர்கள் ஆண்களில் 36 சதவீதம், பெண்களில் 18 சதவீதம் மட்டுமே. நாம் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டியும் அவருக்குப் புரியவில்லையா என்று புலம்புபவர்கள் இந்த எண்ணை மனதில் வைக்கலாம். பெரும்பாலும் புரிந்திருக்காது.

மூன்றாவது, யார் பார்க்கிறார்கள். நான்காவது, சொதப்பினால் என்ன போகும்: அந்த ஒரு ஆளோடு பேச்சு மட்டும் போகுமா, குழுவே போகுமா.

இவற்றை வைத்துப் பார்த்தால்:

| | குழுவில் எல்லோர் முன்னும் | தனிச்செய்தி | நேரில், நடையின்போது |
|---|---|---|---|
| அவர் நழுவ வழி | நிறைய, பேசாமலே விடலாம் | குறைவு, பதில் சொல்லாததே பதிலாகிவிடும் | இடத்தைப் பொறுத்தது |
| குறிப்பு புரியுமா | அநேகமாகப் புரியாது | தேவைக்கு மேல் புரியும் | குரலும் முகமும் இருப்பதால் நன்றாகப் புரியும் |
| பார்ப்பவர்கள் | எல்லோரும் | யாருமில்லை, ஆனால் ஸ்கிரீன்ஷாட் உண்டு | பக்கத்தில் நடப்பவர்கள் |
| சொதப்பினால் | கேலி | அவர் குழுவில் படம் போடுவதை நிறுத்தலாம் | அந்த நாள் கொஞ்சம் கசக்கும் |
| எதற்கு ஏற்றது | பெயர் பதிய | ஏற்கெனவே தொடங்கிய பேச்சைத் தொடர | முதல் கடலைக்கு |

## குழுவிலேயே பதில் போடுவது

இதைப் பலர் கோழைத்தனம் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். அடிப்படையே இதுதான். ரிச்சர்ட் மோர்லேண்டும் ஸ்காட் பீச்சும் 1992இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. ஒரு கல்லூரிப் பாடத்துக்கு நான்கு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் ஒரு வகுப்புக்கும் போகவில்லை, மற்றவர்கள் முறையே 5, 10, 15 வகுப்புகளுக்குப் போனார்கள். யாரோடும் பேசவில்லை, வந்தார்கள், உட்கார்ந்தார்கள், போனார்கள். கடைசியில் படத்தைக் காட்டிக் கேட்டபோது, அதிகம் வந்தவரையே மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. ஒரு சொல்கூடப் பேசாமல் கண்ணில் படுவதற்கே அவ்வளவு வலு. குழுவில் உங்கள் பெயர் அடிக்கடி நல்லவிதமாகக் கண்ணில் படுவதும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் என்பது என் அனுபவம்.

நல்லவிதமாக என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவர் படம் போட்டதும் "வாவ்", "செம கிளிக்", மூன்று தீப்பொறி எமோஜி என்று போடுபவர்கள் ஏற்கெனவே இருபது பேர் இருப்பார்கள், நீங்கள் இருபத்தொன்றாவது ஆள். படத்தை உண்மையிலேயே பார்த்தவர் மட்டும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று போதும். அது எப்படி என்று கீழே காட்டுகிறேன்.

மறைமுகச் செலவு இங்கே ஒன்று உண்டு, அது பலருக்கும் தெரிவதில்லை. அவர் படத்துக்கு மட்டுமே பதில் போட்டுக்கொண்டிருந்தால் மூன்றாவது முறையே குழுவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். உங்களை ஓட்டத் தொடங்குவார்கள். ஓட்டப்படுவது உங்களுக்குச் சுகமாகக்கூட இருக்கலாம். ஆனால் அவர் ஒன்றுமே செய்யாமல் அந்தக் கேலிக்குள் இழுக்கப்படுகிறார், இனி உங்களுக்குச் சாதாரணமாகப் பதில் போட்டாலும் பத்துப் பேர் அதற்கு அர்த்தம் சொல்வார்கள். மற்றவர்கள் படத்துக்கும் அதே அக்கறையோடு பதில் எழுதுங்கள். நடிப்பாக இல்லாமல் உண்மையாகவே எழுத முடியவில்லையென்றால், உங்களுக்கு இந்தக் குழுவில் வேலை பறவையா என்று யோசிக்கவேண்டிய நேரம் அது.

இங்கே கடலை போடக் கூடாது. பெயர் பதிந்தால் போதும், மீதி வேறு இடத்தில். இன்னும் நேரில் சந்திக்காத, ஒரு முறைகூடப் பேசாத நிலையில் இதுவே சரியான தொடக்கம்.

## தனிச்செய்தி

எல்லோரும் இதைத்தான் முதலில் செய்ய நினைக்கிறார்கள். மூன்றில் ஆபத்து மிகுந்ததும் இதுதான்.

வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியும். அவர் எண்ணைக் குழுவில் சேர்வதற்காகத் தந்தார், உங்களுக்குத் தரவில்லை. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் என்னிடம் வரும் புகார்களில் முக்கால்வாசி "அவர் என்ன சொன்னார்" என்பதில் தொடங்குவதில்லை, "என் நம்பரை எப்படி எடுத்தார்" என்றுதான் தொடங்குகின்றன. செய்தி கண்ணியமாக இருந்தாலும் அதே புகார்தான்.

அடுத்த பிரச்சினை, தனிச்செய்தியில் நழுவ இடம் கிடையாது. குழுவில் உங்கள் கேள்வியை அவர் பார்க்காமல் விட்டதாகச் சொல்லலாம். தனிச்செய்தியில் நீல டிக் விழுந்த பிறகு பதில் தராததே ஒரு பதில், அதை அவரும் அறிவார். எனவே ஒப்புக்காக ஒரு பதில் போடுகிறார். அந்த ஒப்புக்கான பதிலை வைத்துக்கொண்டு நீங்கள் இன்னொன்று அனுப்புகிறீர்கள். இப்படி ஒரு மாதம் ஓடும், அவர் தரப்பில் அது தொல்லை, உங்கள் தரப்பில் அது வளரும் நட்பு. எழுதியதை அழித்தாலும் "அழிக்கப்பட்டது" என்ற தடம் நிற்கும், அது வேறு கூடுதல் குறுகுறுப்பு.

அப்படியானால் எப்போது தனிச்செய்தி சரி? குழுவில் போடக் கூடாத, அவருக்கு மட்டுமே உரிய ஒன்று உங்கள் கையில் இருக்கும்போது. போன நடையில் நீங்கள் எடுத்த படத்தில் தற்செயலாக அவரும் விழுந்திருக்கிறார் என்றால், அதைக் குழுவில் போடுவதைவிட அவருக்கு அனுப்புவதுதான் மரியாதை. அல்லது அவரே நடையின்போது "அந்த லிங்க் அனுப்புறீங்களா?" என்று கேட்டிருந்தால். இல்லாத காரணத்தை உருவாக்கிக்கொள்ளாதீர்கள். "உங்ககிட்ட ஒரு டவுட்" என்று தொடங்கி இணையத்தில் ஒரு நொடியில் கிடைக்கும் விடையைக் கேட்பதை யாரும் நம்புவதில்லை.

"ஹாய்" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது எல்லாவற்றிலும் மோசம். எதற்கு என்றே தெரியாத கதவைத் திறக்கச் சொல்வது அது. வந்த காரணத்தை முதல் செய்தியிலேயே முழுதாகச் சொல்லிவிடவேண்டும், பதில் தேவைப்படாத மாதிரியும் முடித்துவிடவேண்டும்: "போன வாரம் எடுத்ததுல நீங்களும் விழுந்துட்டீங்க. குரூப்ல போடலை, உங்களுக்கு மட்டும் அனுப்புறேன். வேண்டாம்னா சொல்லுங்க, அழிச்சிடறேன்." இதற்கு ஒரு நன்றியோடு அவர் முடித்துக்கொள்ளலாம், பேச விருப்பமிருந்தால் தொடரவும் செய்யலாம். தேர்வு அவர் கையில் இருக்கிறது.

பதில் வராவிட்டால் இரண்டாவது செய்தி கிடையாது. "பிஸியா?" கிடையாது. வெறும் கேள்விக்குறி கிடையவே கிடையாது.

## நேரில்

என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

நடையின்போது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பக்கவாட்டில் நடக்கிறார்கள், இருவர் பார்வையும் மூன்றாவதாக ஒரு மரத்தின் மேல் இருக்கிறது. மௌனம் விழுந்தால் சங்கடம் இல்லை, பறவை பார்ப்பவர்கள் பேசாமல் இருப்பது வழக்கம்தானே. பிடிக்காவிட்டால் "அங்க ஏதோ அசையுது" என்று சொல்லி நாலடி தள்ளிப் போய்விடலாம், யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. அட்டவணையில் "இடத்தைப் பொறுத்தது" என்று போட்டேனே, அந்த நிபந்தனை இதுதான்: அவர் நடந்து விலக முடிகிற இடத்தில் மட்டும் தொடங்குங்கள். மறைவிடத்துக்குள் தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம். உங்கள் வண்டியில் அவர் வரும்போது வேண்டவே வேண்டாம். அங்கெல்லாம் அவர் சிரித்தால், எதற்குச் சிரித்தார் என்று உங்களால் சொல்ல முடியாது.

நேரத்தையும் பாருங்கள். நடையின் தொடக்கத்திலேயே ஆரம்பித்து அது அவருக்குப் பிடிக்காமல் போனால், மீதி மூன்று மணி நேரமும் அவர் உங்களைத் தவிர்த்துக்கொண்டே நடக்கவேண்டும், ஒரு காலை நேரம் முழுக்கக் கெட்டது. கடைசி அரைமணி நேரத்தில் தொடங்கினால் சேதம் அரைமணியோடு போகும். அதுவரை சாதாரணமாக, பறவையைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் போதும். நடை முடிந்து, யார் என்ன பார்த்தார்கள் என்று எல்லோரும் பட்டியல் சரிபார்க்கும் நேரம் இதற்கு நன்றாக அமையும். கூட்டம் பக்கத்தில் இருக்கும், ஆனால் காது கொடுக்காது.

செலவு? உடனடியாகப் பேசத் தெரிந்திருக்கவேண்டும். வாக்கியத்தைத் தட்டித் தட்டி அழகாக்க நேரம் கிடையாது. கூச்ச சுபாவக்காரர்கள் இதனால்தான் இன்பாக்ஸுக்கு ஓடுகிறார்கள். ஆனால் குரலின் ஏற்ற இறக்கம் செய்யும் வேலையை எந்த எமோஜியும் செய்வதில்லை. கிண்டலாகச் சொன்னது கிண்டலாகவே போய்ச் சேரும். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தால் அந்த நொடியே பேச்சை மாற்றிவிடலாம், எழுத்தில் அந்தச் சுருக்கம் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

நான்காவது வழி என்று சிலர் சொல்வது, குழுவில் பெயரைப் பார்த்து இன்ஸ்டாகிராமில் தேடிப்பிடித்துப் பழைய படங்களுக்கு வரிசையாக லைக் போடுவது. இதை எடைபோட எதுவும் இல்லை, பார்ப்பவருக்கு யாரோ பின்தொடர்கிறார் என்ற உணர்வுதான் வரும். நண்பர் வழியாகச் சொல்லி அனுப்புவதும் அப்படித்தான்: மறுக்கவேண்டிய ஆட்களின் எண்ணிக்கையை இரண்டாக்கியது தவிர வேறு பலன் இல்லை.

## ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம்

அவர் குழுவில் சிறால் மீன்கொத்தி ஒன்றின் படம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்கு மேல் நீட்டிய கிளை, வாயில் குறுக்காக ஒரு மீன். உங்களுக்கு முன்னால் பதினைந்து "சூப்பர்"கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீழலகு ஆரஞ்சுச் சிவப்பாக இருக்கிறது, அப்படியானால் பெண் பறவை, ஆணுக்கு அலகு முழுக்கக் கருப்பாக இருக்கும். வாலைப் பிடித்திருக்கிறதா தலையைப் பிடித்திருக்கிறதா என்பதும் கவனிக்கத்தக்கது: தானே விழுங்கப் போகும் மீனென்றால் கிளையில் அடித்துவிட்டுத் தலை முதலில் உள்ளே போகும்படி திருப்பிக்கொள்ளும். இதையெல்லாம் அவருக்குப் பாடமாக எடுக்காதீர்கள், அவருக்கும் தெரியும். கேள்வியாக்குங்கள்:

"கீழலகு சிவப்பா இருக்கே, பெண்ணா? மீனைத் திருப்புறதுக்கு முன்னாடி எடுத்திருக்கீங்க போல. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்க?"

முதல் கேள்வி பறவையைப் பற்றி, கடைசிக் கேள்வி அவரைப் பற்றி. எதற்குப் பதில் சொல்வது என்பது அவர் விருப்பம். "ஆமா, பெண்தான்" என்று நிறுத்தினால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இரண்டு பறவைப் பிரியர்கள் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒருவேளை இப்படி வருகிறது:

"ஆமா, பெண்தான். நாற்பது நிமிஷம்! கால் மரத்துப்போச்சு 😅"

இங்கே பலர் செய்யும் தவறு, "நானும் ஒரு தடவை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன்" என்று தன் கதைக்குத் தாவுவது. கேரன் ஹுவாங், ஆலிசன் வுட் புரூக்ஸ் உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் கேள்வி கேட்பவர்களை, குறிப்பாக எதிராளி சொன்னதையே பிடித்துத் தொடர்ந்து கேட்பவர்களை, மற்றவர்களுக்குப் பிடிக்கிறது என்று கண்டார்கள். சில நிமிடங்கள் மட்டும் பேசிப் பார்க்கும் துணைதேடல் சந்திப்புகளில் அப்படிக் கேட்டவர்களுக்கே அடுத்த சந்திப்பு அதிகம் கிடைத்தது. எனவே கால் மரத்துப்போனதைப் பிடியுங்கள்:

"கிளம்பும்போது எழுந்திரிக்க முடிஞ்சுதா? நானா இருந்தா அஞ்சாவது நிமிஷமே தண்ணி பாட்டிலைத் தட்டிவிட்டு அதை விரட்டியிருப்பேன்."

குழுவில் இத்தோடு நிறுத்துங்கள். இன்னும் ஒரு வரி போட்டால் ஓட்ட ஆட்கள் தயாராகிவிடுவார்கள். அன்று இரவே தனிச்செய்திக்குத் தாவவும் வேண்டாம். அடுத்த நடை வரட்டும். அங்கே உங்களுக்கு ஒரு நல்ல சாவி இருக்கிறது:

"அந்த நாற்பது நிமிஷம் நீங்கதானே? கால் சரியாயிடுச்சா?"

அவர் சிரித்தால், "தண்ணி பாட்டிலை உறைக்குள்ள போட்டுத்தான் கொண்டு வந்திருக்கேன், நம்பலாம்" என்று காட்டலாம். இதுவரை கடலை ஏதும் இல்லை, இருவருக்கும் பொதுவாக ஒரு சின்ன நகைச்சுவை மட்டும் உருவாகியிருக்கிறது. காலை முழுக்கப் பறவை பார்த்துவிட்டு, கடைசி அரைமணியில், பேச்சு தானாக ஓடிக்கொண்டிருந்தால், அப்போது ஒரே ஒரு வரி: "இன்னைக்குப் பெருசா ஒண்ணும் சிக்கல, ஆனா எனக்குக் குறையே தெரியல. உங்களோட பேசிட்டு வந்ததால இருக்கும்."

ஹாலின் எண்களை நினைத்தால், இவ்வளவாவது சொன்னால்தான் புரியும். பறவையை விட்டுவிட்டு அவரைச் சுட்டும் ஒரு வாக்கியம் கட்டாயம் தேவை. ஆனால் அதில் கேள்வி இல்லை, பதில் கேட்டு நிற்கவில்லை. சொல்லிவிட்டுப் பைனாகுலரைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

## பதிலைப் படிப்பது

அவர் ஆர்வமாகப் பேசுகிறார் என்பது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. மீன்கொத்தியைப் பற்றிக் கேட்டால் பறவைப் பைத்தியம் யாராக இருந்தாலும் கண் விரியப் பேசுவார். பார்க்கவேண்டியது, பறவை இல்லாத பேச்சு அவர் பக்கத்திலிருந்து வருகிறதா என்பது. "நீங்க என்ன வேலை பார்க்குறீங்க?" "வாரநாள்ல என்ன செய்வீங்க?" என்று அவராகக் கேட்டால் அது நல்ல அறிகுறி. இன்னும் நல்ல அறிகுறி, நீங்களே மறந்துபோன தண்ணீர் பாட்டில் பேச்சை அவர் நினைவு வைத்துக்கொண்டு அடுத்த முறை கிண்டலடிப்பது. அது பறவைக்குச் சம்பந்தமில்லாத ஞாபகம்.

மறுபுறம், நீங்கள் பேசும்போதெல்லாம் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்கிறாரா, நீங்கள் அவரைப் பற்றிக் கேட்டதற்குப் பறவையைப் பற்றிப் பதில் சொல்கிறாரா, தன் துணையைப் பற்றி ஒரு வரி போகிறபோக்கில் விழுகிறதா? இவை எல்லாமே "வேண்டாம்" என்பதன் மென்மையான வடிவங்கள். மென்மையாகச் சொன்னதற்குக் காரணம் அவர் குழுவில் இருக்க விரும்புவதுதான். அதை மதித்து நிறுத்துங்கள். மறுநாள் அவர் படம் போட்டால் முன்பு போலவே, மற்றவர்கள் படத்துக்குப் போடுவது போலவே பதில் போடுங்கள், முதல் ஆளாக மட்டும் ஓடாதீர்கள். திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவர் மேல் கோபம் என்று எல்லோரும் நினைப்பார்கள், அவரும் நினைப்பார்.

அட்மின், நடையை வழிநடத்துபவர், புதியவர்களுக்குச் சொல்லித்தருபவர் ஆகியோருக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. உங்களுக்கு "இல்லை" என்று சொன்னால் குழுவில் தன் இடம் என்னாகும் என்ற பயம் எதிராளிக்கு இருக்கும், நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். முதல் அடியை அவர் எடுத்து வைக்கட்டும். அவர் எடுக்கவே இல்லையென்றால் எடுக்கவில்லை.

## நேரில் சந்திக்கவே வழியில்லை என்றால்

இணையத்திலேயே இயங்கும் குழு, அவர் இருப்பது தொலைவில் என்றால் தனிச்செய்தியைத் தவிர்க்க முடியாது. அப்போதும் குழுவில் இரண்டு மூன்று முறை பேச்சு கை மாறிய பிறகே போங்கள். பேச்சை நீட்டுவதற்குப் பதிலாக ஒன்றாகச் செய்ய ஏதாவது ஒன்றை முன்வைப்பது நல்லது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட் கணக்கெடுப்பில் ஒரே இடத்தில் 15 நிமிடம் உட்கார்ந்து எண்ணினாலே போதும். அதே முறையை எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் இருவர் செய்யலாம்: "காலை ஏழு மணிக்கு நீங்க உங்க ஜன்னல்ல, நான் என் ஜன்னல்ல, பதினஞ்சு நிமிஷம். யாருக்கு அதிகம் கிடைக்குதுன்னு பார்ப்போமா? தோத்தவங்க அடுத்த வாரத்துக்கு நேரம் குறிக்கணும்."

விருப்பமில்லாதவர் "ஞாயித்துக்கிழமை தூங்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். விருப்பமிருப்பவர் 7:16க்குப் பட்டியலை அனுப்பிவிடுவார், கூடவே உங்கள் பட்டியலில் இருக்கும் காக்கை எண்ணிக்கையை நம்ப முடியவில்லை என்றும் சண்டைக்கு வருவார்.